92 ஸ்லைடை ஒரே தாளில் கொண்டுவருவது: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் செவிலியர் மாணவிகளுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். பாட ஸ்லைடுகளிலிருந்து மைண்ட் மேப் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் பாடத்துக்கு வெளியே இருப்பதை அந்தந்தப் பாடத்துக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சர், சிறுநீரகப் பாடம் 92 ஸ்லைடு. முதல் ஸ்லைடிலிருந்து வரைய ஆரம்பித்தேன். 30-ஐத் தாண்டுவதற்குள் சார்ட் நிறைந்துவிட்டது. எங்கே தப்பு? (முதலாம் ஆண்டு, வள்ளியூர்)

சார்ட்டை ஓரமாக வை. முதலில் ஒரு கோடு போட்ட தாளில் ஸ்லைடு எண்ணையும் தலைப்பையும் மட்டும் எழுது. வரவேற்பு, நன்றி, ‘தொடர்ச்சி’ என்று வருபவை, ஒரே படம் திரும்ப வருபவை எல்லாவற்றையும் அடித்துவிடு. இதே அளவுள்ள என் ஸ்லைடு கட்டில் இப்படிச் செய்தபோது 41 தலைப்புகள்தான் மிஞ்சின.

அப்புறம் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில், அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று எழுது. எப்படி அமைந்திருக்கிறது, எப்படி வடிகட்டுகிறது, எதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, யார் கட்டளை கொடுக்கிறார்கள், கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஐந்து கேள்விகளுக்குள் 41-ம் அடங்கிவிட்டன. அந்த ஐந்துதான் கிளைகள். ஸ்லைடில் இருக்கும் பிரிவுத் தலைப்புகளை அப்படியே கிளையாக்காதே. அவை வகுப்பு நேரத்துக்காகப் பிரித்தவை.

இனிதான் முக்கியமான வேலை. என் கட்டில் ரெனின் சுரக்கும் செல்கள் 17-ல், ‘அமைப்பு’ பகுதியில் இருந்தன. ரெனின் என்ன செய்கிறது என்பது 58-ல் இருந்தது. ஆல்டோஸ்டீரோன் 71-ல், இரத்த அழுத்த மாத்திரை 84-ல். நான்கும் ஒரே கதை, ஆனால் ஸ்லைடில் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. அவற்றைக் கோட்டால் சேர்த்து, கோட்டின் மேல் வினைச்சொல் எழுது. இரத்த அழுத்தம் குறைவது ரெனினைச் சுரக்கவைக்கிறது. ரெனின், கல்லீரல் தரும் புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்குகிறது. முக்கியமாக நுரையீரலில் இருக்கும் ஏசிஇ என்ற நொதி அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோனையும் வரவழைக்கிறது. ஆல்டோஸ்டீரோன் சோடியத்தைப் பிடித்துவைக்கிறது, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. சோடியத்தோடு தண்ணீரும் தங்கும், அழுத்தம் ஏறும். கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது பார்.

போன வருடம் ஒரு மாணவி ‘ரெனின்’ என்று எழுதி, அங்கிருந்து ‘அழுத்தம் கூடும்’ என்பதற்கு ஒரே கோடு இழுத்தாள். தப்பில்லை. ஆனால் எனலாபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற நோயாளிக்கு ஏன் பொட்டாசியம் பார்க்கிறோம் என்று கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. நடுவில் இருக்கும் கண்ணிகள் தாளில் இருந்தால் விரலை வைத்தே சொல்லிவிடலாம். மாத்திரை ஏசிஇ-ஐ அடைக்கிறது, ஆல்டோஸ்டீரோன் குறைகிறது, பொட்டாசியம் வெளியேறுவதும் குறைகிறது, இரத்தத்தில் ஏறுகிறது.

எந்த ஆப் நல்லது அக்கா?

முதல் தடவை தாளும் பென்சிலும். அழித்து மாற்ற வேண்டியிருக்கும்.

மைண்ட் மேப்பை எப்படி ஸ்லைடாக மாற்றுவது? நாளை செமினார்.

நான் எழுதுவது ஸ்லைடிலிருந்து மேப்புக்குப் போகும் வழி. உங்களுக்கு இன்றைக்குக் கிளைக்கு ஒரு ஸ்லைடு என்று போட்டுக்கொண்டால் போதும்.

டீச்சர், நான் பொதுப்பணித்துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மைண்ட் மேப் என்றால் நடுவில் ஒன்று, அதிலிருந்து கிளை, கிளைக்கு ஒரு சொல். கன்னடியன் கால்வாய் மாதிரி ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை. நீங்கள் குறுக்குக் கோடும் வினைச்சொல்லும் போடச் சொல்கிறீர்கள். அது வேறு சமாச்சாரம். (அம்பாசமுத்திரம்)

அண்ணாச்சி, பாதி நீங்கள் சொல்வது சரி. டோனி புசான் 1970-களில் பரப்பிய மைண்ட் மேப்பில் நடுவில் ஒன்று, கிளைக்கு ஒரு சொல்தான். கோட்டின் மேல் சொல் எழுதுவது, அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழு உருவாக்கிய கருத்து வரைபடத்தின் வழக்கம். நான் இரண்டையும் கலக்கிறேன். தலைப்பு எது எதற்குள் வருகிறது என்று கிளை காட்டும். எது எதை என்ன செய்கிறது என்று காட்ட வினைச்சொல் வேண்டும்.

கால்வாயையே எடுத்துக்கொள்வோம். ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறதே, அதை மடைக் கணக்கு மட்டும் உள்ள படத்தில் எங்கே காட்டுவீர்கள்?

மறுகாலை நாங்கள் தனித் தாளில் புள்ளிக்கோட்டில் போடுவோம். எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால் ஆள் குழம்பிவிடுவான். உங்கள் பிள்ளைகளும் குழம்புவார்கள்.

குழம்பியிருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். குறுக்குக் கோடு ஏழெட்டைத் தாண்டினால் எனக்கே படிக்க முடியவில்லை. புள்ளிக்கோட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தனித் தாளுக்கு மனம் வரவில்லை. 17-ம் 84-ம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்றுதானே வரைகிறோம்?

(தென்காசிக்காரர் குறுக்கே) அண்ணாச்சி சொல்வதுதான் சரி. ஒரு தாளில் ஒரு விஷயம்.

சுழற்சி இல்லாத பாடத்துக்கு அது போதும். எலும்புகளின் பெயர்ப் பட்டியலுக்குக் குறுக்குக் கோடு எதற்கு?

மெக்கானிக்கல் படிக்கிறேன். எங்கள் ஸ்லைடு முழுக்கச் சமன்பாடு. இதே முறை வருமா?

உங்கள் துறை ஆசிரியரிடம் காட்டுங்கள். எந்தச் சமன்பாடு எதிலிருந்து வருகிறது என்று அவரால்தான் சொல்ல முடியும்.

ஆப் பெயர் மட்டும் சொல்லுங்கள் மேடம்.

மேலே சொல்லிவிட்டேன். கணினியில் வேண்டுமென்றால் Freeplane இலவசம். கிளைகளை டேப் வைத்து உள்தள்ளி எழுதி ஒட்டினால் மரமாகிவிடும். குறுக்குக் கோட்டை நீங்கள்தான் போட வேண்டும். பவர்பாயின்ட்டின் அவுட்லைன் பார்வையிலிருந்து தலைப்புகளை எடுப்பவர்கள் கவனியுங்கள், தனியாக வைத்த உரைப்பெட்டியில் இருப்பது அதில் வராது.

அழகாகக் கலர் போட்டு வரைந்தேன். பரீட்சையில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. (இரண்டாம் ஆண்டு)

ஸ்லைடைத் திறந்துவைத்துக்கொண்டே வரைந்திருப்பாய். பர்டூ பல்கலைக்கழகத்தின் கார்ப்பிக், பிளன்ட் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைப் பார்த்துக்கொண்டு கருத்து வரைபடம் போட்டவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து நன்றாகப் பதில் சொன்னார்கள். அதனால் முதல் வரைபடம் முடிந்ததும் அதை மடித்து வை. மறுநாள் வெற்றுத்தாளில் மறுபடி வரை. விட்டுப்போன கோடுகளைச் சிவப்பில் போடு. அந்தச் சிவப்புதான் நீ படிக்க வேண்டியது. வண்ணம் அதற்கு மட்டும் போதும், தயவுசெய்து.

ஆப்...

மேலே இருக்கிறது.

டீச்சர், வள்ளியூர்தான். தலைப்பு 38 வந்தது. ஏடிஹெச் ஹார்மோனைக் ‘கட்டளை’யில் வைப்பதா, ‘திரும்ப எடுத்தல்’-ல் வைப்பதா?

அது சுரப்பது தலையில், வேலை செய்வது சேகரிப்புக் குழாயில். பெயரைக் கட்டளையில் ஒரே ஒரு தடவை எழுது. இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டு சங்கதி என்று நினைத்துவிடுவாய். அங்கிருந்து சேகரிப்புக் குழாய்க்கு ஒரு கோடு. மேலே என்ன வினைச்சொல் போடப் போகிறாய்?

‘தண்ணீரை நிறுத்துகிறது’?

குழாயின் சுவர் தண்ணீரை உள்ளே விடுகிறதா, தடுக்கிறதா என்று 63-வது ஸ்லைடைப் பார்த்துவிட்டு வா.