வியாழக்கிழமைப் பதிவில் பழைய தேதி

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தின் மாதச் செய்திமடலுக்கு நான்தான் ஆசிரியர். மடல் வெளியான வாரத்தில் அதிலிருந்து ஏழு துணுக்குகள் எடுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் ஆகிய மூன்றிலும் நாளுக்கு ஒன்றாக வெளியிடுகிறோம். ஞாயிறன்றே ஏழையும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் தினமும் இரவு அவள் ஒட்டிவிடுவாள். சென்ற மாதம் கூட்டம் 14இலிருந்து 21ஆம் தேதிக்கு மாறியது. செவ்வாயன்றே மடலில் திருத்திவிட்டேன். ஆனாலும் வியாழன் பதிவில் பழைய தேதியே வந்தது. 14ஆம் தேதி நான்கு பேர் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். மகளைக் கண்டித்தேன். ஒரே ஆவணத்திலிருந்து வாரம் முழுவதற்கும் முன்கூட்டியே நேரம் குறித்து வெளியிட எந்தச் செயலி நல்லது?

பதில்: செயலியைப் பற்றிப் பிறகு பேசுவோம். "மகளைக் கண்டித்தேன்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்களே, அதை முதலில் பேச வேண்டும். நீங்கள் ஞாயிறன்று கொடுத்ததை அவள் வியாழனன்று அப்படியே ஒட்டினாள். இடையில் மடலைத் திருத்திய நீங்கள், அந்தத் திருத்தத்தை அவளுடைய கைப்பேசிக்கு அனுப்பவில்லை. மடலின் அடியில் ஆசிரியர் என்று இருப்பது உங்கள் பெயர். வீட்டு வேலையானாலும் வட்டத்து வேலையானாலும் பிள்ளைகள் கைகொடுக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்தவர், பிழையின் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட முடியாது. படிக்கும் பிள்ளையிடம் தினமும் ஒரு மாலையைக் கேட்டுப் பெற்ற பிறகு, உங்கள் பிழைக்காக அவளையே கடிந்துகொண்டது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. இன்றே அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இனி, பிழை எங்கே பிறந்தது என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை அந்தத் தேதி மடலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று என இரண்டு இடங்களில் இருந்தது. நேரம் குறிக்கும் செயலி எதை வாங்கினாலும் இதே கதைதான் நடந்திருக்கும். ஆவணத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வியாழன் மாலைக்கு ஏற்றிவைக்கும் அந்த நொடியிலேயே, அது தனி நகலாகிவிடுகிறது. அதன் பிறகு நீங்கள் ஆவணத்தில் எதை மாற்றினாலும் செயலிக்குத் தெரியாது. "அப்பா, தேதி மாறிவிட்டதே" என்று கேட்கக்கூடிய ஒரு மனிதரும் அங்கே இருக்கமாட்டார். ஆகவே முதலில் வேண்டியது, எந்தத் தகவலின் நகல் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லும் ஆவணம்.

கூகுள் ஷீட்ஸில் ஒரு விரிதாளைத் தொடங்கி, முதல் தாளுக்கு "விவரம்" என்று பெயரிடுங்கள். மாறக்கூடிய ஒவ்வொரு தகவலையும் அதில் ஒரே ஒரு முறை மட்டும் எழுதுங்கள். B2 கட்டத்தில் "21ஆம் தேதி, ஞாயிறு", B3 கட்டத்தில் "காலை 10 மணி", அடுத்தடுத்த கட்டங்களில் இடம், பேச்சாளர் பெயர், மடலின் இணைப்பு. இரண்டாம் தாளில் துணுக்குகள், வரிசைக்கு ஒன்றாக இருக்கட்டும். துணுக்கு வாசகத்தில் தேதியைக் கையால் எழுதாதீர்கள்; விவரத் தாளிலிருந்து வரவழையுங்கள்:

```
="வாசகர் வட்டக் கூட்டம்: "&'விவரம்'!B2&", "&'விவரம்'!B3&". நுழைவு இலவசம்."
```

B2இல் 14ஐ 21 ஆக்கியதும், அதைப் பயன்படுத்தும் எல்லாத் துணுக்குகளும் தாமே மாறிவிடும். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. தேதியை 21/6/2026 என்பது போல் எண்களில் எழுதினால் விரிதாள் அதைத் தனக்குரிய கணக்காக மாற்றிக்கொள்ளும். துணுக்கில் தேதிக்குப் பதிலாக ஓர் ஐந்திலக்க எண் வந்து நிற்கும். மேலே காட்டியது போல் சொற்களோடு எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

வாசகத்துக்குப் பக்கத்தில் தளம், வெளியாகும் நாளும் நேரமும், பிறகு "ஏற்றியது" என்ற ஒரு பத்தி. செயலியில் துணுக்கை ஏற்றியவுடன் அந்தப் பத்தியில் ஏற்றிய நேரத்தைக் குறித்துவிடுங்கள். உங்கள் பிழைக்கு உண்மையான மருந்து இந்தப் பத்திதான். செவ்வாயன்று தேதி மாறினால், விவரத் தாளைத் திருத்திய கையோடு துணுக்குத் தாளில் கூட்டத்தைச் சொல்லும் வரிசைகளைத் தேடுங்கள். "ஏற்றியது" பத்தி நிரம்பியிருக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் வெளியே ஒரு பழைய நகல் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவற்றைச் செயலியிலிருந்து நீக்கிவிட்டு, புதிய வாசகத்தை ஏற்றி, புதிய நேரத்தைக் குறியுங்கள். மூன்று தளங்கள் என்றால் மூன்று வரிசைகள். ஐந்து நிமிட வேலை.

படத்திலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. தேதியை அழகான எழுத்தில் படத்துக்குள் பொறித்துவிட்டால், அது விவரத் தாளுக்கு எட்டாத நகல். வெளியான பிறகு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்தோடு வரும் வாசகத்தைத் திருத்த முடியும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. ஆகவே படத்தில் தலைப்பு மட்டும் இருக்கட்டும்.

மடலிலிருந்து துணுக்கு வெட்டும்போது பலரும் கட்டுரையின் ஒரு பத்தியை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். மடலில் "இவர் மேலே சொன்ன நூலை எழுதியவர்" என்பது தெளிவான வாக்கியம். தனியே ஒரு பதிவாக வந்தால், யார் இவர், எது அந்த நூல் என்று ஒன்றும் விளங்காது. "இவர்", "இந்த", "அங்கே", "மேற்கண்ட" என்று தொடங்கும் வரிகளைக் கண்டால் பெயரை எழுதுங்கள். இவற்றைவிடக் கொடியது "வரும் ஞாயிறு" என்ற தொடர். வெள்ளியன்று வெளியான பதிவு சிலர் திரையில் திங்களன்றுதான் தென்படும். அப்போது அது வேறொரு ஞாயிறாகிவிடும். "நாளை", "அடுத்த வாரம்" ஆகியவற்றுக்கும் துணுக்கில் இடம் கொடுக்காதீர்கள்.

நீளத்தையும் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கட்டணமில்லாத எக்ஸ் கணக்கில் ஒரு பதிவுக்கு 280 குறிகள்தான். அதில் இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 எடுத்துக்கொள்ளும். இடைவெளி ஒன்றையும் கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது 256. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. "வட்டம்" நம் கண்ணுக்கு நான்கெழுத்து, கணக்கில் ஆறு. வாசகம் C2இல் இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் =LEN(C2) என்று எழுதுங்கள்; இதே கணக்கைக் காட்டும். இன்ஸ்டாகிராமில் நீளம் பிரச்சினையில்லை; ஆனால் வாசகத்தில் போடும் இணைப்பை அழுத்தித் திறக்க முடியாது. அங்கே கூட்ட விவரம் முழுவதும் வாசகத்திலேயே இருந்தாக வேண்டும்.

இப்போது செயலிக்கு வருவோம். மூன்று தளங்களுக்கும் நேரம் குறிக்கக்கூடியதும், ஏற்றியதை நீக்கித் திருத்தவிடுவதும் எதுவாயினும் போதும். விரிதாளைக் கோப்பாக மாற்றி ஒரே வீச்சில் ஏற்ற முற்பட்டால் மட்டும் கவனம் தேவை. எக்செல்லில் சேமிக்கும்போது "CSV UTF-8" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் CSV என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். மாதத்துக்கு ஏழு துணுக்குக்குக் கையால் ஏற்றுவதே நல்லது. ஏற்றும்போது ஒரு முறை வாசித்தும் பார்ப்பீர்கள்.

ஏற்றும் கை உங்களுடையதாக இருக்கட்டும். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வாரம் முழுவதற்கும் முடிந்துவிடும். மகளின் ஏழு இரவுகளும் அவளுக்கே திரும்பக் கிடைக்கும். விருப்பத்தோடு அவள் உதவ வந்தால், ஏழு துணுக்குகளையும் மடலைப் பார்க்காமல் வாசித்து, எது புரியவில்லை என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அந்த நால்வருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு பாக்கியிருக்கிறது. அதையும் நீங்களே பேசுங்கள்.