வலியில்லாமல் கெண்டைக்காலும் தொடையும் துடிப்பது ஏன், எப்போது கவனிக்க வேண்டும்?

கேள்வி: ரெண்டு வாரமா வலது கெண்டைக்கால்ல சதை தானா துடிக்குது, சில நேரம் தொடையிலயும். வலி எதுவும் இல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அதிகம். நெட்ல தேடினா பயமா இருக்கு. எதனால வருது, டாக்டர்கிட்ட போகணுமா?

பதில்:

கால் பலம் குறையவில்லை, சதை மெலியவில்லை, மரத்துப் போகவில்லை என்றால் இது பெரும்பாலும் தீங்கில்லாத துடிப்புதான். நரம்பியல் மருத்துவரிடம் போனாலும் துடிப்பை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் உங்கள் காலின் பலத்தைத்தான் சோதிப்பார். அந்தச் சோதனையில் பாதியை வீட்டிலேயே செய்யலாம். அதற்கு முன் துடிப்பு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

தண்டுவடத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு இயக்க நரம்பிழையும் தசைக்குள் நுழைந்ததும் பல கிளைகளாகப் பிரிந்து, ஒரு கொத்துத் தசைநார்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இழையில் ஒரு மின்துடிப்பு ஓடினால் கொத்து முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கும். ஒரே ஸ்விட்ச்சில் தெருவிளக்கு வரிசை முழுக்க எரிவது போல. சாதாரணமாக மூளை சொன்னால்தான் அந்தத் துடிப்பு கிளம்பும். நரம்பின் கடைசிக் கிளைகள் கொஞ்சம் அதிக உணர்ச்சியோடு இருந்தால், யாரும் சொல்லாமலே ஒன்றிரண்டு துடிப்புகள் அங்கேயே கிளம்பிவிடும். தோலுக்கு அடியில் படக்கென்று குதிப்பது அதுதான். ஒரு கொத்து மட்டும் சுருங்குவதால் முட்டியோ பாதமோ அசையாது. சதை மட்டும் துள்ளும். வலியும் இருக்காது. அதே இடத்தில் பல கொத்துகள் சேர்ந்து இறுகி நின்றுவிட்டால்தான் அது வலிக்கும் சதைப்பிடிப்பு.

ஏன் கெண்டைக்காலில் அதிகம்? கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பிழைக்குச் சுமார் பத்து தசைநார்கள்தான். கெண்டைக்கால் சதையில் ஒரே இழை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தசைநார்களை இயக்கும். அதனால் ஒரு துடிப்பு வந்தாலே கண்ணுக்குத் தெரிகிறது. நாள் முழுக்க உடல் எடையைத் தாங்கி உழைப்பதும் அந்தச் சதைதான். உட்கார்ந்திருக்கும்போது அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. நடக்கும்போது மூளையிலிருந்து வரும் கட்டளைகளில் இந்தச் சில்லறைத் துடிப்புகள் கலந்து மறைந்துவிடுகின்றன. கால் ஓய்ந்ததும் அவை மட்டும் மிஞ்சுகின்றன.

நரம்பு முனையை இப்படி உசுப்பிவிடுபவை பெரும்பாலும் அன்றாடச் சங்கதிகளே: பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சி, தூக்கக் குறைவு, அளவுக்கு மீறிய காபி டீ, மனப்பதற்றம், மது. வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் வேர்த்து வடிவது ஆகியவற்றால் உடலின் உப்புகள் குறைந்தாலும் வரும். மாத்திரைகளை மட்டும் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்புடமால், தியோஃபிலின் நேரடியாகவே நடுக்கமும் துடிப்பும் தரலாம். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் குறைக்கும். அசிடிட்டிக்கு ஒமிப்ரசோல், பேண்டபிரசோல் போன்றவற்றை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு மெக்னீசியம் மெல்ல இறங்கக்கூடும். சீட்டே இல்லாமல் மெடிக்கலில் வாங்கிப் பழகிய மாத்திரை என்பதால் டாக்டர் கேட்கும்போது பலர் அதைச் சொல்வதேயில்லை. கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இனி பலம் பார்க்கும் முறை. கெண்டைக்கால் மிக வலுவான சதை. கையால் அழுத்திப் பார்த்தால் பாதிப் பலம் போயிருந்தாலும் தெரியாது. உடல் எடையைத் தூக்கச் சொன்னால்தான் தெரியும். சுவர் அருகே வெறுங்காலோடு நின்று, சாயாமல் இருக்க விரல் நுனிகளை மட்டும் சுவரில் வையுங்கள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மற்ற காலின் முட்டியை மடக்காமல், குதிகாலை முழு உயரத்துக்கு எழுப்பி இறக்குங்கள். இரண்டு நொடிக்கு ஒன்று என்ற வேகம் போதும். உயரம் பாதியாகக் குறைந்தாலோ, முட்டி மடங்கினாலோ, கை சுவரைத் தள்ள ஆரம்பித்தாலோ எண்ணிக்கையை நிறுத்திவிடுங்கள். ஆரோக்கியமான இளவயதினர் இருபது, இருபத்தைந்து வரை போவார்கள். வயதானவர்களுக்கும் நடையே இல்லாதவர்களுக்கும் அது குறையும், அதில் பயமில்லை. பார்க்க வேண்டியது இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசம்.

தொடைக்கு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு காலாக. பிறகு குதிகாலால் மட்டும் பத்து அடி நடந்து பாருங்கள். ஒரு பாதத்தின் முன்பகுதி தரையில் விழுகிறதா என்பது அதில் தெரியும். கடைசியாக ஒரு தையல் டேப். முட்டிச்சில்லின் கீழ் விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே இரு கால்களிலும் பேனாவால் குறித்து, அந்த இடத்தில் சுற்றளவு எடுங்கள். ஒரு செ.மீ. வரை வித்தியாசம் பலருக்கும் இயல்பாகவே இருக்கும். எண்களைத் தேதியோடு எழுதி வைத்துவிட்டு, அடுத்த அளவை ஒரு மாதம் கழித்து எடுங்கள். தினமும் செய்யாதீர்கள். தினமும் குதிகால் தூக்கினால் சதை களைத்துத் துடிப்பு கூடும். கூடியதைப் பார்த்து மறுபடி சோதிக்கத் தோன்றும். இந்தச் சுழலில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். நோய்களைப் பற்றிப் படித்தே வாழும் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் இதில் அதிகம் விழுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 34, இரவு ஷிஃப்ட், ஐந்து காபி, ஐந்து மணி நேரத் தூக்கம். திடீரென்று ஓட ஆரம்பிக்கிறார். மூன்றாம் நாள் கெண்டைக்கால் துடிக்கிறது. நெட்டில் தேடுகிறார். அடுத்த வாரம் தொடை, தோள்பட்டை, கண் இமை என்று எல்லா இடமும் துடிக்கிறது. குதிகால் எழுப்பியதில் வலது 22, இடது 24. சுற்றளவு 36, 36.5 செ.மீ. இவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. இடம் மாறி மாறி வருவது அச்சமூட்டினாலும் அது தீங்கற்ற துடிப்பின் வழக்கமே. ஓட்டத்தை ஒரு வாரம் நிறுத்தி, பிறகு பாதித் தூரத்தில் தொடங்கலாம். காபியை ஒரே நாளில் விட்டால் தலைவலி வரும். இரண்டு நாளுக்கு ஒரு கப் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, நாளுக்கு இரண்டு கப்பில் நிறுத்தி, தூங்கப் போவதற்கு எட்டு மணி நேரத்துக்கு முன்பே கடைசிக் காபியை முடித்துக்கொள்ளலாம். துடிப்பு உடனே நிற்காது, வாரக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்கு மாதங்களும் ஆகும். மெக்னீசியம் மாத்திரையை அவராக வாங்கிப் போடுவதை நான் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் குறைவு இருந்தால்தான் அதனால் பலன். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்தும்கூட.

இன்னொருவர், வயது 52. துடிப்பு வலது கெண்டைக்காலில் மட்டும், அதே இடத்தில். வலி இல்லை என்கிறார். குதிகால் எழுப்பியதில் இடது 18, வலது 4. விசாரித்தால், ஆறு மாதம் முன்பு புட்டத்திலிருந்து பின்னங்கால் வழியாகச் சுருக்கென்று வலி இறங்கி, தானாகவே விட்டுவிட்டதாம். இடுப்பு எலும்புச் சவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தியிருக்கும். வலி போனாலும் நரம்பின் பாதிப்பு அப்படியே தங்கிவிட்டது. இவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு பேருக்கும் துடிப்பு ஒன்றுதான், வலியும் இல்லை. பிரித்துக் காட்டியது குதிகால் எண்ணிக்கை.

எல்லோரும் பயப்படுவது இயக்க நரம்புச் செல்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோயை நினைத்து. அதிலும் துடிப்பு உண்டு, உண்மைதான். ஆனால் அங்கே நரம்பு சாவதால் துடிப்போடு பலக்குறைவும் மெலிவும் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். செருப்பு தானாக நழுவுவது, கால்விரல் தட்டித் தடுக்குவது, படி ஏறும்போது ஒரு கால் மடங்குவது, சட்டைப் பொத்தான் போட வராதது, பேச்சு குழறுவது என்றுதான் ஆள் மருத்துவமனைக்கு வருவார். துடிப்பு மட்டுமே உள்ளவர்களைப் பற்றி அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1993இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தீங்கற்ற துடிப்பு என்று முடிவு செய்யப்பட்ட 121 பேரைக் குறைந்தது இரண்டு ஆண்டிலிருந்து அதிகபட்சம் 32 ஆண்டு வரை தொடர்ந்து கவனித்ததில், ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

ஆகவே மருத்துவரிடம் போக வேண்டியது இப்போதெல்லாம்: மேலே சொன்ன பலக்குறைவு ஏதாவது தெரிந்தால், சுற்றளவு மாதாமாதம் குறைந்தால், மரப்பு இருந்தால், துடிப்பு ஒரே சதையில் மாதக்கணக்கில் நீடித்தால். கை நடுக்கம், படபடப்பு, எடைக்குறைவு சேர்ந்திருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். வாயைச் சுற்றிக் கூச்சமும் விரல்கள் இழுத்துக்கொள்வதும் கால்சியம் குறைந்ததன் அடையாளம். தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு இது வந்தால் அன்றே போக வேண்டும். இதையெல்லாம்விட அவசரமானது ஒன்று. வயலில் பூச்சிமருந்து அடித்தவருக்குச் சதைத் துடிப்போடு வியர்வை, எச்சில் வடிதல், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் அது விஷம் ஏறிய அறிகுறி. மருந்து நனைந்த துணியைக் கழற்றி உடம்பைக் கழுவும்போதே 108க்குச் சொல்லிவிட வேண்டும். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மற்றபடி சாதாரணமாகப் பார்க்கும் ரத்தச் சோதனைகள் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், தைராய்டு, சி.கே. அவ்வளவே. சி.கே. என்பது தசையிலிருந்து கசியும் நொதி. கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தால் நோயே இல்லாமலும் ஏறியிருக்கும். அதனால் ஒரு வாரம் ஜிம்மும் ஓட்டமும் இல்லாமல் இருந்து ரத்தம் கொடுங்கள். சதையில் ஊசி குத்திப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையைப் பலக்குறைவு கண்டால் மருத்துவரே எழுதித் தருவார். பலம் முழுதாக இருக்கும்போது முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்தால், வயதுக்கு வரும் சவ்வுப் பிதுக்கம் ஒன்று தெரிந்து புதிய கவலைதான் சேரும். போகும்போது துடிப்பை அரை நிமிட வீடியோவாக எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் பரிசோதனைப் படுக்கையில் ஏறியதும் அது நின்றுவிடுவது வழக்கம்.