இ.இ.ஜி. அலை தட்டையாக வந்தால் மனசில் பாசம் இல்லையா?

"டாக்டர், எனக்கு 23 வயது. எம்.எஸ்சி. படிக்கிறேன். ஐந்து மாதம் முன்பு அம்மா புற்றுநோயில் இறந்துவிட்டார். சாவு வீட்டில்கூட எனக்கு அழுகை வரவில்லை. போன மாதம் உளவியல் படிக்கும் நண்பன் தன் ஆய்வுக்காக எனக்கு இ.இ.ஜி. எடுத்தான். விதவிதமான படங்களைக் காட்டினான். 'எல்.பி.பி. அலை உனக்குத் தட்டையாக இருக்கிறது' என்றான். கோரமான படங்கள் 30-இல் 9தான் தேறியது, மீதி கண் சிமிட்டலில் போய்விட்டதாம். ரத்தம் தெரிந்த படங்களில் நான் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் தேடினால் சைக்கோபாத், மூளைக் கோளாறு என்றெல்லாம் வருகிறது. இன்னொரு நண்பன் சொல்லி எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை 10 மி.கி. வாங்கி, மனசு கனக்கும் நாட்களில் மட்டும் போடுகிறேன். விடிகாலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அக்கா குழந்தையைத் தூக்கினாலும் ஒன்றும் தோன்றவில்லை. சில நாள் அம்மா போன இடத்துக்கே போய்விடலாம் போல இருக்கிறது. என் மூளையில் பாசம் என்பதே இல்லையா?"
– பெயர் வேண்டாம், திருச்சி

பாசம் இருக்கிறது, தம்பி. ஆனால் நீங்கள் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் அந்த அலை இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அலையை முடித்துவிடுவோம், அதை மனசில் வைத்துக்கொண்டிருந்தால் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது.

தலையில் மின்முனைகளை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தால் மூளையின் மின்செயல்பாடு ஓயாமல் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஒரு படத்தைப் பார்த்த கணத்தில் மூளை தரும் பதில் அந்தப் பதிவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் தனியாகத் தெரியாது. கல்யாண மண்டப இரைச்சலில் ஒருவர் மெதுவாகச் சொன்ன பெயரைப் போல மூழ்கிக் கிடக்கும். அதனால் ஒரே வகைப் படங்களைப் பலமுறை காட்டி, ஒவ்வொரு படமும் தோன்றிய நொடியை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுக்கிறார்கள். படத்தோடு சம்பந்தமில்லாத இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். ஒவ்வொரு முறையும் வரும் பதில் மட்டும் மிஞ்சும். இப்படி மிஞ்சுவதைத்தான் இ.ஆர்.பி. என்கிறோம். அதில் படம் தோன்றி சுமார் 400 மில்லிநொடியில் உச்சந்தலைக்குப் பின்பக்கம் எழுந்து, படம் திரையில் இருக்கும்வரை மெதுவாக நீடிக்கும் நேர்மின் அலைதான் உங்கள் நண்பர் சொன்ன எல்.பி.பி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரைச்சல் எவ்வளவு குறையும் என்பது படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு தனிப் படத்துக்கு இரைச்சல் 20 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு படங்களுக்குச் சராசரி எடுத்தால் அது 2 ஆகும். 25 படங்களுக்கு 4. உங்களிடம் தேறியதோ 9, அதாவது 20-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும். இரைச்சலே ஏறத்தாழ 7 மைக்ரோவோல்ட் மிச்சம் இருக்கிறது. சாதாரணப் படத்துக்கும் கோரப் படத்துக்கும் இந்த அலையில் பார்க்கும் வித்தியாசமே பொதுவாகச் சில மைக்ரோவோல்ட்தான். அலை நீளமாக இருப்பதால் நேரவாக்கிலும் சராசரி எடுப்பார்கள், அதில் நிலைமை கொஞ்சம் தேறும். இருந்தாலும் 9 படங்களை வைத்து ஒரு தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இந்தப் பதிவை ஆய்விலிருந்தே எடுத்துவிட வேண்டியது. உங்கள் நண்பரோ அதை உங்களிடம் தீர்ப்பாகவே வாசித்துவிட்டார்.

மெதுவான அலைகளை வெட்டிவிடும் வடிகட்டியை எத்தனை ஹெர்ட்ஸில் வைத்தார் என்றும் அவரிடம் கேளுங்கள். எல்.பி.பி. மிக மெதுவான அலை. அதைப் பிடிக்க 0.1 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழேதான் வைக்க வேண்டும். வலிப்பு நோய்க்கு இ.இ.ஜி. எடுக்கும் இயந்திரங்களில் இது 0.5, 1 ஹெர்ட்ஸ் என்று இருப்பது வழக்கம். அப்படியே விட்டிருந்தால் மெதுவான அலையை இயந்திரமே வழித்துத் தட்டையாக்கிவிடும். இப்படி நடந்திருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, அன்று உட்கார்ந்த எல்லோருக்கும் அலை சிறுத்துத்தான் வந்திருக்கும். மற்றவர்களின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, பதிவு சுத்தமாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது பாசத்தை அளக்காது. எல்.பி.பி. கோரமான படத்துக்கும் பெரிதாகும், பாலுணர்வைக் கிளறும் படத்துக்கும் பெரிதாகும். பயமா, ஆசையா, அருவருப்பா, சந்தோஷமா என்று அதற்குத் தெரியாது. 'இது முக்கியம், இன்னும் கொஞ்ச நேரம் இதைக் கவனி' என்று மூளை எவ்வளவு பாடுபடுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆகவே கவனம் விலகினால் அலையும் சுருங்கும். ஒரு படத்திலேயே உணர்ச்சியைக் கிளப்பாத பகுதியைப் பார்க்கச் சொன்னால் அலை குறைகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'படத்தை வேறு விதமாக அர்த்தப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று சொன்னாலும் குறைகிறது, 2006-இல் ஹஜ்சாக், நியூவென்ஹுயிஸ் இருவரும் இதைக் காட்டினார்கள். நீங்களோ ரத்தப் படங்களில் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். புற்றுநோயில் அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை அந்த மாதிரிப் படங்களிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வதை மரத்துப்போன மனசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தாங்க முடியாதவர்கள்தான் கண்ணைத் திருப்புவார்கள்.

இன்னொன்று, அங்கே காட்டியதெல்லாம் யாரோ எவரோ. அன்புக்குரியவரின் முகத்தைக் காட்டினால் இந்த அலை பெரிதாகிறது என்று ஆய்வுகள் உண்டு. உங்கள் அம்மாவின் படத்தை உங்கள் நண்பர் காட்டவில்லை. காட்டச் சொல்லி இப்போது போய் நிற்கவும் வேண்டாம்.

சைக்கோபாத் விஷயம் வெறும் இணையப் புரளி. அப்படிப்பட்டவர்களின் கூட்டத்துக்கும் மற்றவர்களின் கூட்டத்துக்கும் சராசரியில் வித்தியாசம் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் இந்த அலை சராசரியில் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. கூட்டத்தின் சராசரியிலிருந்து ஒரு ஆளின் நோயைச் சொல்ல முடியாது. கண் நரம்புக்கு எடுக்கும் வி.இ.பி. சோதனையில் அலை சுமார் 100 மில்லிநொடியில் வர வேண்டும் என்று ஒவ்வொரு ஆய்வகமும் ஆரோக்கியமானவர்களிடம் எடுத்து எல்லை வைத்திருக்கிறது. தாமதமானால் நரம்பின் உறை கெட்டிருக்கலாம் என்று நான் நம்பிச் சொல்வேன். எல்.பி.பி.க்கு அப்படி 'இதற்குக் கீழே போனால் நோய்' என்ற எல்லையே கிடையாது. அதை வைத்து எந்த மருத்துவரும் மருந்து எழுதுவதில்லை. மூளைக் கோளாறு என்ற பயத்தை இத்தோடு விடுங்கள்.

அழுகை வராதது பற்றி இரண்டே வரி. இறப்பு நடந்த நாட்களில் மரத்துப்போவது சாதாரணம், அதிலும் நீண்ட நோய்க்குப் பிறகு. ஒப்பாரி வைத்தவர்கள் எல்லோரும் அதிகம் நேசித்தவர்களும் இல்லை.

இப்போது நான் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். துக்கம் விட்டு விட்டு வரும். ஒரு பாட்டு, ஒரு புடவை, ஒரு வாசனை வந்தால் பொங்கும், அப்புறம் அடங்கும். நடுவில் நண்பன் அடித்த ஜோக்குக்குச் சிரிப்பும் வரும், பசியும் எடுக்கும். உங்களுக்கு அந்த நடு இடம் காணாமல் போயிருக்கிறது. குழந்தையைத் தூக்கினாலும் ஒன்றும் தோன்றவில்லை என்பது, அழுகை வராததைவிட எனக்குப் பெரிய செய்தி. எதிலும் சுவை இல்லாமல் போவது பெரும்பாலான நேரம், பெரும்பாலான நாட்கள், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் துக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. விடிகாலை விழிப்பும் சேர்ந்தால் மனச்சோர்வு நோயைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இதற்கு எந்த மின்முனையும் வேண்டாம், மருத்துவர் அரை மணி நேரம் பேசினால் போதும். தைராய்டு, ரத்தசோகை, பி12 பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்லலாம், எடுத்துவிடுங்கள்.

அம்மா போன இடத்துக்குப் போவது பற்றி எழுதியதைப் பேச்சுவாக்கில் எழுதியதாக நான் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. எப்படி, எப்போது என்றெல்லாம் யோசனை ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் இந்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே, இரவானாலும், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அக்காவோடு போங்கள். ஓடவில்லை என்றாலும் மனநல மருத்துவரிடம் இந்த வரியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் அதிலேயே போய்விடும். அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

மாத்திரைக்கு வருகிறேன். எஸ்சிடலோபிராம் தலைவலி மாத்திரை அல்ல, கனக்கும் நாளில் மட்டும் போட்டால் கேட்பதற்கு. தினமும் போட்டால்கூட வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உங்கள் வயதில், 25-க்குக் கீழே, தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடுவதுண்டு. அதனால்தான் நாங்கள் எழுதிக்கொடுத்துவிட்டு அடிக்கடி வரச்சொல்லிப் பார்க்கிறோம். போதாக்குறைக்கு, இந்த வகை மருந்துகளே சிலருக்கு உணர்ச்சியை மழுக்கும். மரத்துப்போனதற்கு மருந்து என்று நினைத்து நீங்கள் போட்டது அதைக் கூட்டியிருக்கவும் கூடும். இனி சொந்தமாக ஒன்றுகூடப் போடாதீர்கள். விட்டு விட்டுப் போட்டதை நிறுத்துவதால் உங்களுக்குப் பெரிய தொந்தரவு வராது. ஆனால் மருத்துவர் சொல்லித் தினமும் இதே மாத்திரையைப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது, அது வேறு கதை. உங்களுக்கும் மருத்துவர் இதையே எழுதிக்கொடுக்கலாம். அப்போது அளவும் காலமும் அவர் பொறுப்பு. எத்தனை போட்டீர்கள் என்று அட்டையோடு காட்டுங்கள்.

கடைசியாக, வீட்டில் அம்மாவுக்கு வாங்கி மீந்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை ஏதாவது இருக்கும். புற்றுநோயாளி இருந்த வீட்டில் இல்லாமல் இருக்காது. அத்தனையையும் இன்றே அக்காவிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஏன் என்று அவர் கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். மூன்றரை மணிக்கு விழித்துக் கிடக்கும்போது பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.