அடர்த்தி 0.33 என்றால் வகுப்பு ஒற்றுமையாக இருக்கிறதா?

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளி. மாலை விளையாட்டு வகுப்பில் தமிழ்ப் பிரிவு 5 பேர், மலையாளப் பிரிவு 5 பேர். யாருக்கு யார் நண்பர் என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கணக்கெடுத்தேன். நட்பு அடர்த்தி, அதாவது சாத்தியமான ஜோடிகளில் நட்பாக இருப்பவற்றின் பங்கு, 0.33 வருகிறது. இது நல்லதா?

அந்த ஒற்றை எண்ணை நம்பாதீர்கள், டீச்சர். 10 பேருக்குள் 45 ஜோடிகள் சாத்தியம்; இருவரும் ஒருவரையொருவர் சொன்ன நட்பு 15 இருந்தால்தான் 0.33 வரும். பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 10 ஜோடியில் 7 நட்பு, அதாவது 0.7 என்று வையுங்கள். அப்படியானால் பிரிவுகளுக்கு இடையே 25 ஜோடியில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று, 0.04.

அந்த ஒரு நட்பை வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மொத்தம் மூன்றே நண்பர்கள் இருக்கலாம். நாலு பேரோடு சுற்றும் பிள்ளைதான் மையம் என்று தோன்றும். ஆனால் மற்ற 4 தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து 5 மலையாளப் பிள்ளைகளுக்குப் போகும் 20 வழிகளும் இவள் வழியாகத்தான். இதுதான் இடைநிலை மையத்தன்மை. கணக்கெடுத்த அன்று அவள் லீவு என்றால் வகுப்பு இரண்டாக உடைந்தே தெரியும். வராதவர்களிடம் மறுநாள் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.