ஓ.எல். பிள்ளைக்கு லயத்து வீட்டில் ஒரு படிப்பு மூலை: எதை வாங்கலாம்?

கேள்வி: எங்களுடையது ஹட்டன் பக்கத்தில் லயத்து வீடு. ஆறு பேர் இருக்கிறோம். மகள் அடுத்த வருஷம் ஓ.எல். எழுதப் போகிறாள். முன் அறையில் நடுவில் ஒரே ஒரு பல்ப். ராத்திரி அங்கேதான் டி.வி. ஓடும், சின்னவர்கள் படுப்பதும் அங்கேதான். டவுன் கடையில் படிப்பு மேசையும் ரீசார்ஜ் லைட்டும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். கையில் 5000 ரூபா இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் லைட்டுக்குச் செலவழியுங்கள். மேசை பொறுக்கும்.

நடு பல்பைப் பெரிதாக மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூரையிலிருந்து தரையில் இருக்கும் புத்தகத்துக்கு ஏறக்குறைய ஏழு அடி. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அதே பல்பை ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்கினால் புத்தகத்தில் விழும் வெளிச்சம் இருபது மடங்குக்கு மேல். அதனால் 5 வாட் சின்ன விளக்கே தாராளம். தலைக்குப் பின்னால் இருக்கும் நடு பல்ப் பிள்ளையின் சொந்த நிழலையே கொப்பியில் போடும் என்பதையும் யோசியுங்கள்.

நான் சொல்வது, யூ.எஸ்.பி. வயரில் எரியும், வளைக்கக்கூடிய கழுத்துள்ள கிளிப் லாம்ப். போன் சார்ஜரிலேயே ஓடும், 5 வோல்ட்தான். மலைநாட்டு ஈரச் சுவரில் 230 வோல்ட் வயரை இழுத்து, மல்டி பிளக்கில் சொருகி, பிள்ளைகள் படுக்கும் இடத்தைத் தாண்டிக் கொண்டுபோவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. வயர் மட்டும் ஆறு அடிக்கு மேல் போக வேண்டாம், நீளம் கூடினால் வெளிச்சம் மங்கும். கரண்ட் போனால் பவர் பேங்கில் சொருகலாம். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் நல்லதாக இருந்தால் 5 வாட் விளக்கை நாலைந்து மணி நேரம் எரிக்கும். வீட்டில் பவர் பேங்க் இல்லாவிட்டால் அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ரீசார்ஜ் லைட்டில் பற்றரி கெட்டால் பெரும்பாலும் முழு லைட்டையும் தூக்கிப்போட வேண்டிவரும். சார்ஜ் இறங்க இறங்க மங்கவும் செய்யும்.

கடையில் விளக்கை எரிய வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போன் கேமராவை விளக்கின் பக்கம் திருப்புங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, கண்ணுக்குத் தெரியாது. அப்படி எரியும் விளக்கில் நெடுநேரம் படிக்கிற சிலருக்குத் தலைவலி வரும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தும் ஒரு தடவை பாருங்கள், சில விளக்குகள் அப்போதுதான் மாட்டிக்கொள்ளும். அப்புறம், போனில் இலவசமாகக் கிடைக்கும் லைட் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டு, போனைத் திரை மேலே பார்க்கும்படி படுக்க வைத்து, விளக்கை ஒன்றரை அடி மேலே பிடியுங்கள். படிக்க 500 லக்ஸ் நல்லது, 300க்குக் கீழே போனால் வேறு விளக்கு கேளுங்கள். போன் கணக்கு துல்லியமல்ல, இரண்டு விளக்குகளை ஒப்பிடப் போதும்.

மகள் வலது கையால் எழுதுபவள் என்றால் விளக்கு இடப் பக்கம் இருக்கட்டும், கை நிழல் எழுத்தில் விழாது. மேலே மூடி உள்ள விளக்காகப் பாருங்கள். வெளிச்சம் கொப்பியோடு நிற்கும், படுத்திருக்கும் சின்னவர்களின் முகத்தில் அடிக்காது. இது உங்கள் வீட்டுக்கு ரொம்ப முக்கியம். விறகுப் புகையில் கறுத்த சுவராக இருந்தால் அந்த மூலையில் மட்டும் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

மேசை விஷயத்தில், கடையில் பளபளப்பாக நிற்பது அநேகமாகத் தூளை ஒட்டிச் செய்த சிப்போர்ட். நம் குளிரிலும் ஈரத்திலும் அதன் ஓரம் ஊதி, ஆணி கழன்று போகும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முழங்கை மட்டத்துக்கு, அதாவது பத்து அங்குல உயரத்துக்கு, ஒரு பிளைவுட் பலகையைக் கால் வைத்து அடித்துத் தரச் சொல்லுங்கள். முழங்கால் உள்ளே போகிறதா என்று பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். படித்து முடிந்ததும் சுவரில் சாய்த்து வைத்தால் படுக்க இடம் கிடைக்கும்.

சத்தத்துக்குப் பிள்ளையின் காதில் பஞ்சு வைப்பதில் பெரிய பலன் இல்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே படிப்பதும் சரிவராது, புரிகிற வார்த்தைகள்தான் வாசிப்பை அதிகம் குழப்பும். இயர்போன் வாங்குவதென்றால் போனில் வீடியோ பார்க்கிறவருக்கு வாங்குங்கள். பலகையை டி.வி. இருக்கும் சுவர் ஓரமாகவே போட்டு, பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்கார வையுங்கள். திரை கண்ணில் படாது. சத்தத்தை நீங்கள்தான் குறைக்க வேண்டும். கணக்குப் பயிற்சியை டி.வி. நேரத்துக்கும், மனப்பாடத்தை எல்லோரும் படுத்த பிறகும் வைத்துப் பார்க்கலாம்.

விளக்குக்கு உத்தரவாதம் உண்டென்றால் பில்லில் திகதியோடு எழுதி வாங்குங்கள். கடைக்காரர் பில் தர மறுத்தால், அல்லது உத்தரவாதக் காலத்திலேயே மாற்றித் தர மாட்டேன் என்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.