பைலைன் பக்கத்தில் நம்மைப் பற்றி நாமே எழுதுவது

கேள்வி: தர்மபுரியில் நிருபராக இருக்கிறேன். இணையதளத்தில் என் பெயரைத் தட்டினால் வரும் பக்கத்துக்கு அறிமுகம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எந்தத் துறை, எவ்வளவு அனுபவம், எத்தனை வாசகர் என்பதையெல்லாம் எப்படிக் காட்டுவது?

நீங்கள் தாலுகா நிருபராக ஆரம்பித்து, இப்போதுதான் பெயரோடு செய்தி வரும் இடத்துக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி வந்தவன்தான். 2007-இல் பாலக்கோட்டில் இருந்து செய்தி அனுப்ப ஆரம்பித்தேன். முதல் ஒன்பது வருஷம் எல்லாமே ‘நமது நிருபர்’ என்றுதான் வந்தது. சொந்தப் பெயரில் ஒரு பக்கம் கிடைத்ததும் தலைகால் புரியாமல் நான் எழுதிய முதல் அறிமுகம் இதுதான்:

“அரசியல், சமூகம், குற்றம், விவசாயம், ஆன்மிகம் என அனைத்துத் துறைகளிலும் முத்திரை பதித்தவர். இவரது செய்தியால் பென்னாகரம் அருகே ஒரு கிராமத்துக்குக் குடிநீர் கிடைத்தது. லட்சக்கணக்கான வாசகர்களைச் சென்றடைபவர்.”

மூன்று வாக்கியத்திலும் தப்பு இருந்தது. பெரிய தப்பு நடுவில் இருந்த குடிநீர் விஷயம். அதையே முதலில் சொல்கிறேன்.

அந்தக் கிராமத்தில் குழந்தைகளின் முன்பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்துத்தான் செய்தியைத் தொடங்கினேன். நம் மாவட்டத்தில் பலருக்கும் பழகிப்போன காட்சி அது. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்த அறிக்கையை வாங்கிப் பார்த்தால் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் அதிகபட்சம் 1.5 என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இலேயே திறக்கப்பட்டும் அந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. செய்தி வந்த ஐந்தாவது மாதம் வந்தது. நானும் நம்மால்தான் வந்தது என்று எழுதிவிட்டேன்.

அறிமுகம் வெளியான வாரமே அந்த ஊரின் முன்னாள் வார்டு உறுப்பினர் அம்மா போன் செய்தார். “ஏன் தம்பி, நாலு வருஷமா ஒவ்வொரு கிராம சபையிலும் நாங்க மனு குடுத்தமே, அதெல்லாம் கணக்குல இல்லையா?” என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பேன்.

அன்றைக்கே வரியை மாற்றினேன்: “கிணற்று நீரில் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டியதை ஆய்வறிக்கையோடு வெளியிட்டார். கிராம மக்கள் நான்கு ஆண்டுகளாகக் கேட்டுவந்த குழாய் நீர், அதன்பின் ஐந்தாவது மாதம் வந்தது.” எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ‘என்னால்’ என்ற சொல் இல்லாததால் படிப்பவருக்கு அது இன்னும் நம்பும்படி இருக்கிறது. இதில் சந்தேகம் இருப்பவர்கள் இரண்டு வடிவத்தையும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டிப் பாருங்கள்.

அடுத்தது துறை. ‘அனைத்துத் துறைகளும்’ என்று எழுதினால் எதற்கும் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். மாவட்ட நிருபர் எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும், எனக்கும் தெரியும். காலையில் ஆட்சியர் கூட்டம், மதியம் விபத்து, சாயங்காலம் கோயில் தேர். ஆனால் அறிமுகத்தில் அந்த தினப்படி வேலையை எழுத வேண்டியதில்லை. எந்த விஷயத்துக்கு நீங்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறீர்களோ அதை ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். ‘சுற்றுச்சூழல்’ என்று நான் எழுதியிருந்தபோது செய்தி விளம்பரக் குறிப்புகள்தான் மின்னஞ்சலில் வந்தன. ‘தளி, ஜவளகிரிப் பக்கம் யானைகளால் வரும் பயிர்ச் சேதமும் இழப்பீடும்’ என்று மாற்றிய பிறகு, பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கி ராகிக் கொல்லைக்கு வரும் பருவத்தில், இழப்பீட்டு மனுவின் நகலோடு விவசாயிகளே கூப்பிடுகிறார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசுவேன் என்று எழுதியதும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்காகத்தான்.

வாசகர் எண்ணிக்கையைப் பற்றி எங்கள் உதவி ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த லட்சம் பேர் உன் வாசகரா, பேப்பரோட வாசகரா?” பேப்பருடையதுதான். என் பெயரில் அதிகம் பேர் பார்த்தது, ரோட்டைக் கடந்த ஒரு யானைக்குட்டியின் வீடியோ. அதை வைத்து நான் யார் என்று சொல்ல முடியாது. பின்தொடர்வோர் எண்ணிக்கையும் வேண்டாம், ஆறு மாதத்தில் பழையதாகிவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் எந்த மாதக் கணக்கு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். எண்ணைவிட, செய்தி எங்கெல்லாம் போனது என்பது உருப்படியான தகவல். எந்தெந்தப் பதிப்பில் வந்தது, வேறு மொழிப் பத்திரிகை எடுத்துப் போட்டதா, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் யாராவது அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்களா என்பது மாதிரி.

ஆதாரமாக ஐந்து சுட்டிகள் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தளத்தின் வடிவமைப்பை மாற்றும்போதெல்லாம் பழைய சுட்டிகள் செத்துப்போகும். என்னுடையதில் மூன்று அப்படிப் போயின, ஒரு வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். அதனால் செய்தி வெளியான அன்றே web.archive.org-இல் ஒரு நகலைச் சேமித்துவிடுங்கள். பெயரில்லாமல் வந்த பழைய செய்திகளுக்குத் தேதி, பதிப்போடு கத்தரித்த படங்களை வைத்துக்கொண்டு, அவை பெயரின்றி வெளியானவை என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது என் பக்கத்தில் இருப்பது:

“பாலக்கோட்டில் இருந்து எழுதும் நிருபர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு கலந்த கிணற்று நீர், ஒகேனக்கல் குடிநீர் கடைசிக் கிராமங்களுக்குச் சேருவது, தளி, ஜவளகிரிப் பக்கம் யானைகளால் வரும் பயிர்ச் சேதமும் இழப்பீடும் ஆகியவற்றைத் தொடர்ந்து எழுதிவருகிறார். 2007 முதல் நிருபர். 2016 வரை எழுதியவை பெயரின்றி வெளியானவை. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவார். உறவினர் ஒருவர் மாங்கூழ் ஆலை நடத்துவதால் மாம்பழ விலைச் செய்திகளை இவர் எழுதுவதில்லை.”

குடிநீர்ச் செய்தியின் அந்த இரண்டு வரி இதற்குக் கீழே, சுட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைசி வரியைப் பார்த்து, “வீட்டு விஷயத்தை எதுக்குப்பா ஊருக்குச் சொல்ற?” என்று கேட்டவர்கள் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசனில் விவசாயிக்கும் ஆலைக்கும் விலைத் தகராறு வராத வருஷம் அபூர்வம். நானாகச் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்லுவார், அவர் சொல்லும்போது அது வேறு மாதிரி கேட்கும்.

தொடர்புக்கு வீட்டு முகவரியும் சொந்த செல் நம்பரும் போடாதீர்கள். தனி மின்னஞ்சல், முடிந்தால் தனி நம்பர்.

‘இவ்வளவு அடக்கமாக எழுதினால் எவன் மதிப்பான், பெரிய ஊர் நிருபர்கள் விருதுப் பட்டியலே போடுகிறார்கள்’ என்று யாராவது கீழே எழுதுவீர்கள். விருது இருந்தால் யார் கொடுத்தது, எந்த வருஷம் என்பதோடு தாராளமாகப் போடுங்கள். எனக்கு இல்லை, அதனால் போடவில்லை.

விருது என்றதும் ஞாபகம் வருகிறது. நான் முன்பு இருந்த இடத்தில் வருஷா வருஷம் ஒரு கேடயம் கொடுத்தார்கள். செய்திக்கு இல்லை, தீபாவளி மலருக்கு அதிக விளம்பரம் பிடித்த நிருபருக்கு. காலையில் எந்த நகைக்கடை முதலாளியிடம் கைகட்டி நின்றோமோ, அவர் கட்டடத்தின் விதிமீறலை மத்தியானம் எப்படி எழுதுவது? ஒரு வருஷம் இரண்டாம் இடம் எனக்குத்தான். கேடயம் பரண் மேல் கிடக்கிறது. அதை மட்டும் அறிமுகத்தில் சேர்க்கவில்லை.