தண்டிப்பவனுக்கும் நஷ்டம்தானே?

வணக்கம். ஏமாற்றுவது ஆளுக்கு லாபம், இருவருமே ஏமாற்றினால் இருவருக்கும் நஷ்டம் என்ற 'கைதியின் இக்கட்டு' ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினால் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றவரும் குறைத்து, பிறகு உயர்த்தவே மாட்டார். அந்தப் பயம்தான் விலையை உயர்த்தி வைக்கக் கம்பெனிகள் சேரும் கூட்டான கார்ட்டலைக் காக்கிறதாம். தண்டிப்பவருக்கும் நஷ்டம்தானே, மிரட்டலை யார் நம்புவார்கள்?
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இரண்டு கம்பெனிகள். இருவரும் விலையை உயர்த்தி வைத்தால் ஆளுக்கு மாதம் 10 லட்சம் லாபம். ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்கு 18, மற்றவருக்குப் பூஜ்யம். இருவரும் குறைத்தால் தலா 4.

எதிராளி இனிமேல் குறைத்துத்தான் விற்பார் என்றான பிறகு, நீங்கள் மட்டும் உயர்த்தினால் பூஜ்யம், குறைத்தால் 4. ஆக, தண்டிப்பது தியாகம் இல்லை, அந்த நிலையில் அதுதான் லாபம். மிரட்டல் நம்பும்படி இருப்பது இதனால்தான். 'பழசை மறப்போம்' என்று இருவரும் மறுபடி உட்கார்ந்து பேசிவிட்டால் இந்த வாதம் ஆட்டம் காணும், அது வேறு கதை.

அடுத்த மாதத்து ஒரு ரூபாய் இன்று எவ்வளவு பெறும் என்பதுதான் தள்ளுபடிக் காரணி. அது 0.9 என்றால், ஒப்பந்தத்தில் நிற்பதன் இன்றைய மதிப்பு 100 லட்சம். ஏமாற்றினால் உடனே 18, பிறகு வரும் நாலு நாலு லட்சங்களின் மதிப்பு 36, மொத்தம் 54. யாரும் ஏமாற்ற மாட்டார்கள். காரணி 0.57-க்குக் கீழே போனால் கணக்கு தலைகீழாகிவிடும். இதில் வட்டியைவிட முக்கியம், திருட்டு தெரியவர ஆகும் காலம். ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் என்றால் 0.9-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும்: 0.53. அதே ஆட்கள், அதே லாபம், ஆனால் கார்ட்டல் நிற்காது.

1880களில் சிகாகோவிலிருந்து அட்லாண்டிக் கரைக்குத் தானியம் ஏற்றிய அமெரிக்க ரயில் கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 1879-இல் கூட்டுக் கமிட்டி அமைத்து, சரக்கில் யாருக்கு எத்தனை பங்கு என்று வகுத்துக்கொண்டு, வாராவாரம் கணக்கைச் சுற்றுக்கு விட்டார்கள். அப்போது இதைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம் இல்லை, அது வந்தது 1890-இல். இருந்தும் ஓட்டை இருந்தது. வியாபாரிக்கு ரகசியமாகக் கழிவு கொடுத்தால் எந்த ஏட்டிலும் தெரியாது. ஒரு வாரம் உங்கள் பங்கு சரிந்தால், பக்கத்து ரயில்காரர் திருடினாரா, சரக்கே அந்த வாரம் அப்படி அமைந்ததா என்று எப்படிச் சொல்வது?

இதற்கு எட்வர்ட் கிரீனும் ராபர்ட் போர்ட்டரும் 1984-இல் ஒரு மாதிரி தந்தார்கள். சந்தை விலை ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் எல்லோரும் சில காலம் விலைப்போரில் இறங்குவது, பிறகு பழைய விலைக்குத் திரும்புவது. என்றென்றைக்கும் தண்டிப்பதில்லை, ஏனென்றால் தற்செயலாக வரும் ஒரு மோசமான வாரம் கார்ட்டலையே புதைத்துவிடும். ரயில் கமிட்டியிலும் கட்டண யுத்தங்கள் வெடித்து, அடங்கி, பழைய கட்டணம் திரும்பியது உண்டு.

இந்த மாதிரியில் உண்மையில் யாருமே ஏமாற்றுவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் விலை இறங்கிய வாரம் போரைத் தொடங்கியே ஆகவேண்டும். ஒருமுறை 'பாவம், சந்தைதான் மந்தம்' என்று விட்டுக்கொடுத்தால், அடுத்த வாரமே ஏமாற்றுவது லாபமாகிவிடும்.